ராஸீயின் குறிப்பேடுகளும் திமிஷ்கின் மருத்துவக் கூடமும்

‘ராஸீ’ என்ற பெயரைக் கேட்டதும் மதரஸாவில் ஓதியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர், தஃப்ஸீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களே. இக்கட்டுரையில் நாம் பேசவிருப்பவர் அவரல்லர். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்-ராஸீ. இன்றைய தெஹ்ரான் நகரையொட்டி அன்றிருந்த ‘ரய்’ என்னும் ஊரே இருவருக்கும் அடைமொழியைத் தந்தது. மருத்துவர் ராஸீ ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865) பிறந்தார், ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) காலமானார் என்பது பெரும்பான்மையோர் கொள்ளும் கணக்கு. முதலில் ரய்யிலும் பின்னர் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராகப் பணியாற்றினார். அக்காலத்தில் மருத்துவமனையை ‘பீமாரிஸ்தான்’ என்றழைத்தனர். நோயாளிகளின் இருப்பிடம் என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது.

மெய்யியலிலும் மார்க்க விஷயங்களிலும் ராஸீ வெளியிட்டதாகச் சொல்லப்படும் கருத்துகள் கடுமையான மறுப்புக்கு உள்ளாயின. அவருடைய ஊரைச் சேர்ந்த அபூஹாத்திம் ராஸீ, நுபுவ்வத்தைப் பற்றி அவருடன் வாதிட்டு அதனை நூலாகவே எழுதி வைத்தார். அந்த விவாதம் இங்கே நம் பொருளன்று. அவருடைய கொள்கையை மறுத்தவர்களின் வழிவந்தவர்களும் அவருடைய மருத்துவத்தைக் கற்கத் தயங்கவில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

அவர் பெயரால் அறியப்படும் மிகப் பெரிய நூல் ‘அல்-ஹாவீ’. அனைத்தையும் தன்னுள் அடக்கியது என்பது அப்பெயரின் பொருள். நம் நாட்டின் ஹைதராபாத் நகரிலுள்ள தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா நிறுவனம், அதன் அரபு மூலத்தை 1955ஆம் ஆண்டு முதல் அச்சிடத் தொடங்கி 23 பாகங்களாக வெளியிட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1279இல், சிசிலியை ஆண்ட சார்லஸ் மன்னருக்காக ஃபரஜ் இப்னு ஸாலிம் என்னும் யூத அறிஞர் அதை இலத்தீனில் மொழிபெயர்த்து முடித்திருந்தார். அம்மொழிபெயர்ப்பு 1486இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் அச்சேறியது.

இவ்வளவு புகழ்பெற்ற நூலைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ராஸீ அதை ஒரு நூலாக எழுதவேயில்லை.

அவர் காலமானபோது விட்டுச் சென்றவை குறிப்பேடுகள். வாசித்தவற்றிலிருந்தும் கண்டவற்றிலிருந்தும் தம் சொந்தப் பயனுக்காகப் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கட்டுகள் அவை. புவைஹி ஆட்சியாளர் ருக்னுத் தவ்லாவின் அமைச்சராக இருந்த இப்னுல் அமீத், ராஸீயின் சகோதரியிடமிருந்து அக்கட்டுகளைப் பெரும்பொருள் கொடுத்துப் பெற்றார். ரய்யிலிருந்த ராஸீயின் மாணவர்களை ஒன்றுகூட்டி, அவற்றை வரிசைப்படுத்தி நூல் வடிவில் தரச் செய்தார். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

ஆகவே ஹாவீயைத் திறப்பவர் ஒரு மருத்துவரின் மேசை இழுப்பறையையே திறக்கிறார். மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக அலங்கரிக்கப்படாத எழுத்து என்பதால், அவர் தம் அறிவை எவ்வாறு அடுக்கி வைத்தார் என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

அடுக்கு முறை எளிமையானது. தலைநோய்களில் தொடங்கி, கண், காது, மூக்கு, மார்பு, வயிறு என உடலின் வழியே கீழிறங்கும் வரிசை, அதன்பின் காய்ச்சல்கள் முதலான உடல் முழுவதையும் பற்றும் நோய்கள், பின்னர் மருந்துகள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் யார் என்ன சொன்னார் என்ற குறிப்பு வரும். ஜாலீனூஸ் என்று அரபிகள் அழைத்த கேலன், புக்ராத் என்று அழைத்த ஹிப்போகிரட்டீஸ், தமக்கு முந்திய அரபு, சிரியாக், இந்திய மருத்துவ ஆசிரியர்கள் என ஒவ்வொரு குறிப்பும் அதற்குரியவரின் பெயரோடு தொடங்கும். அவற்றுக்கிடையே ‘லீ’ என்ற ஒற்றைச் சொல் தலைகாட்டும். ‘என்னுடையது’ என்பது அதன் பொருள். அச்சொல்லுக்குப் பின் வருவது ராஸீயின் சொந்தக் கருத்து, அல்லது அவர் தம் கண்ணால் கண்டது.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இந்தப் பழக்கம் அந்நியமாகத் தோன்றாது. சொன்னவர் பெயரின்றிச் சொல்லை ஏற்பதில்லை என்பதும், அறிவிப்பாளரின் சொல்லோடு தம் விளக்கத்தைக் கலந்துவிடக் கூடாது என்பதும் நம் உஸ்தாதுகள் முதலாண்டிலேயே கற்பிக்கும் பாடம். ஆயினும் ஒப்புமையை இதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்பது நம் கருத்து. ஹதீஸில் அறிவிப்பாளர் நம்பகமானவர் என்று தெளிந்தபின் செய்தியை ஏற்கிறோம். ராஸீக்கோ சொன்னவர் கேலனாகவே இருந்தாலும் அது போதவில்லை. நோயாளியின் படுக்கையருகே அச்சொல் நிற்கிறதா என்று பார்த்தார். கேலனின் கூற்றுகளைக் கேள்விக்குள்ளாக்கித் தனி நூலே எழுதினார். அவற்றில் சில, நோயாளிகளிடம் தாம் கண்டதோடு பொருந்தாதவை. ‘லீ’ என்ற சொல்லின் பயன் இங்கேதான் விளங்குகிறது. கேட்டதும் கண்டதும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், பின்னாளில் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்க இயலாமற் போய்விடும்.

இம்முறையைப் பின்பற்றிய ஒருவர் நோயாளியின் முன் எவ்வாறு சிந்தித்தார்? ஹாவீயில் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய விரிவான வரலாறுகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரின் வரலாற்றை நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அவருக்கு ஒழுங்கற்ற காய்ச்சல் வந்து கொண்டிருந்தது. சில வேளை நாள்தோறும், சில வேளை ஒருநாள் விட்டு ஒருநாள், சில வேளை நான்காம் நாள், சில வேளை ஆறு நாட்களுக்கு ஒருமுறை. காய்ச்சலுக்கு முன் இலேசான குளிர்நடுக்கம் உண்டாகும். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது.

அக்கால மருத்துவம் காய்ச்சல்களை அவை திரும்பி வரும் நாள் முறையைக் கொண்டே வகைப்படுத்தியது. நாட்டுப்புறத்தில் நம் பெரியவர்கள் ‘முறைக்காய்ச்சல்’ என்று சொன்னது இவற்றைத்தான். அம்முறைகளில் எதிலும் இவருடைய காய்ச்சல் அடங்கவில்லை. ராஸீ இரண்டு சாத்தியங்களை முன்வைத்தார். ஒன்று, கலப்பாக வரும் இக்காய்ச்சல்கள் நாளடைவில் நான்காம் நாள் காய்ச்சலாக நிலைபெறப் போகின்றன. மற்றொன்று, சிறுநீரகத்தில் புண் இருக்கிறது. சில நாட்களே கடந்தன; நோயாளியின் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டது. இனிக் காய்ச்சல் திரும்பாது என்று ராஸீ அவரிடம் சொன்னார். அவ்வாறே நிகழ்ந்தது.

சாதாரணமாக ஒரு மருத்துவரின் பெருமைக் கதை இங்கே முடிந்திருக்கும். ராஸீயின் குறிப்போ இங்கேதான் தொடங்குகிறது. சிறுநீரகப் புண் என்று முதலிலேயே உறுதியாகச் சொல்ல விடாமல் தம்மைத் தடுத்தவை எவை என்று அவர் ஒவ்வொன்றாக எழுதுகிறார்.

நோயாளிக்கு முன்பே முறைக்காய்ச்சலும் கலப்புக் காய்ச்சலும் வந்திருந்தன. அந்தப் பழைய வரலாறு, இதுவும் அவ்வகையே என்ற ஐயத்துக்கு வலுச்சேர்த்தது. அடுத்து, எழுந்து நிற்கும்போது இடுப்பில் கனமான ஒன்று தொங்குவதைப் போன்ற உணர்வு சிறுநீரக நோயின் முக்கிய அடையாளம். நோயாளி அதைப் பற்றி முறையிடவில்லை. ராஸீயும் கேட்கத் தவறிவிட்டார். இதை அவரே எழுதுகிறார். அடிக்கடி சிறுநீர் கழித்தது புண்ணைப் பற்றிய ஐயத்தை வலுப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்நோயாளியின் தந்தைக்குச் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்ததும், இவருக்குமே நல்ல உடல்நிலையில் அத்தொல்லை வருவதுண்டு என்பதும் அந்தக் குறிப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. எனவே அந்த ஓர் அடையாளம் எவ்வளவு எடை தாங்கும் என்பதும் கேள்விக்குரியதாகி விடுகிறது.

சீழ் வெளிப்பட்ட பிறகு ராஸீ அந்த விடுபட்ட கேள்வியைக் கேட்டார். இடுப்பில் கனம் இருந்ததா? ஆம், இருந்தது என்றார் நோயாளி. அதிலிருந்து மேலும் ஓர் அனுமானம் செய்கிறார். புண் பெரிதாக இருந்திருந்தால் கேட்காமலேயே அவர் சொல்லியிருப்பார். தாமாகச் சொல்லாததும் சீழ் விரைவில் வெளியேறியதும் புண் சிறியது என்பதைக் காட்டுகின்றன.

சிகிச்சையும் அதே ஒழுங்கில் அமைந்தது. முதலில் சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள். சிறுநீரில் சீழ் அறவே நின்ற பிறகுதான் புண்ணை ஆற்றும் மருந்துகள். ‘தீன் மக்தூம்’ எனப்பட்ட முத்திரையிட்ட மருந்து மண், குந்திரிக்கம், ‘தம்முல் அகவைன்’ எனப்படும் செந்நிற மரப்பிசின் ஆகியவை அவை. அழுக்கை வெளியேற்றிய பிறகே வாயை அடைப்பது என்பது அதன் உள்ளிருக்கும் கணக்கு. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நோயாளி முழுமையாக நலமடைந்தார். அவர் கலந்தாலோசித்த மற்ற மருத்துவர்கள், சீழ் வெளிப்பட்ட பிறகும் நோயைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒரு வரியையும் ராஸீ சேர்த்திருக்கிறார். மனிதர்தானே!

இன்றைய மருத்துவர் ஒருவர் இவ்வரலாற்றை வாசித்தால் சிறுநீரகத் தொற்று என்றே கருதுவார். நடுக்கத்துடன் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிக்கடி சிறுநீர், சீழ், இடுப்புக் கனம் ஆகிய நான்கும் அவருக்கும் பழக்கமான அடையாளங்களே. கிருமிகளைப் பற்றிய அறிவோ அவற்றைக் கொல்லும் மருந்தோ ராஸீயிடம் இல்லை. அந்த மண்ணும் பிசினும்தான் நோயைக் குணப்படுத்தின என்று நாம் சொல்ல மாட்டோம். சிறு தொற்றுகள் உடலின் வலிமையாலேயே தணிவதும் உண்டு. ஆனால், எந்த அடையாளம் தம்மை எந்தப் பக்கம் இழுத்தது, எந்தக் கேள்வி விடுபட்டது என்று அவர் பதிவு செய்த முறையில் இன்றைக்கும் குறை காண்பது கடினம்.

ஒரு நோயாளியோடு அவர் நின்றுவிடவில்லை. ‘ஸிர்ஸாம்’ என்று அக்காலத்தவர் அழைத்த நோய் ஒன்றுண்டு. மூளையையோ அதன் உறையையோ வீக்கம் பற்றி, பிதற்றலும் காய்ச்சலும் உண்டாகும் நிலை அது. தலையிலும் கழுத்திலும் சில நாட்கள் நீடிக்கும் வலி, வெளிச்சத்தைக் காணக் கண் கூசுதல், கண்ணீர் வடிதல், உறக்கமின்மை ஆகியவை அதற்கு முன்னறிகுறிகள் என்று ஹாவீயில் குறிக்கிறார். இவற்றைக் கண்டால் உடனே நரம்பைக் கீறி இரத்தம் வெளியேற்ற வேண்டும் என்கிறார். அதற்கு ஆதாரமாக அவர் சொல்வதுதான் வியப்பளிப்பது. ஒரு பிரிவினருக்கு அவ்வாறு செய்து காப்பாற்றினார். வேறொரு பிரிவினரை, உண்மையைத் தெளிந்துகொள்ளும் நோக்கத்துடன், வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டார். விடப்பட்டவர்கள் அனைவரும் ஸிர்ஸாமுக்கு ஆளாயினர்.

இதைப் படித்து, நவீன மருத்துவ ஆய்வு முறையை முஸ்லிம்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று எழுதுவோர் உண்டு. அத்தகைய அவசரம் நமக்கு வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் இருந்தனர் என்று அக்குறிப்பில் இல்லை. யாரை எப்பிரிவில் சேர்ப்பது என்பதை எப்படித் தீர்மானித்தார் என்பதும் இல்லை. இரு பிரிவினரின் நோயும் ஒரே அளவில் கடுமையாக இருந்ததா என்பது தெரியாமல் முடிவை நம்ப இயலாது. இன்றைய மருத்துவம் அந்நோய்க்கு இரத்தம் வெளியேற்றுவதை ஏற்பதுமில்லை. முடிவு தவறாகவே இருக்கலாம். ஆயினும், ஒரு சிகிச்சையால் பயன் உண்டா என்பதை அது அளிக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டே அறிய முடியும் என்ற கேள்வி அங்கே சரியாக எழுப்பப்பட்டிருக்கிறது. விடப்பட்டவர்களின் நிலையை எண்ணும்போது மனம் கனக்கவும் செய்கிறது.

இனி, இவ்வறிவை மாணவர்களுக்கு அவர் எவ்வாறு கடத்தினார் என்பதற்கு வருவோம். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம், ராஸீயின் அவையைப் பற்றி ரய்யைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சொன்னதை எழுதியுள்ளார். ராஸீ தம் இடத்தில் அமர்ந்திருப்பார். அவருக்குக் கீழே அவருடைய மாணவர்கள்; அவர்களுக்குக் கீழே அம்மாணவர்களின் மாணவர்கள்; அதற்கும் கீழே மேலும் ஒரு வரிசை. நோயாளி வந்ததும் ராஸீயிடம் போக மாட்டார். முதலில் எதிர்ப்படும் கடைசி வரிசையிடம் தம் நோயைச் சொல்வார். அவர்களுக்கு விடை தெரிந்தால் சரி. இல்லையேல் அடுத்த வரிசைக்குச் செல்வார். அவர்களும் தவறினால்தான் ராஸீ வாய் திறப்பார்.

வகுப்பறையில் ஆசிரியர் முதலில் பேசி மாணவர் கேட்பதே நாம் அறிந்த முறை. இங்கே அது தலைகீழாக்கப்பட்டுள்ளது. அனுபவம் குறைந்தவன் முதலில் நோயாளியைக் கேட்டு, முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். அவன் சொன்னது பிழையென்றால் அவனுக்கு மேலிருப்பவர் அங்கேயே, நோயாளி எழுந்து போவதற்குள், திருத்திவிடுவார். எளிய நோய்கள் கீழ்வரிசையிலேயே தீர்ந்துவிடுவதால், கடினமானவை மட்டுமே தலைவரை எட்டும். எல்லா வரிசையினரும் ஒரே அவையில் இருப்பதால், தாம் தவறவிட்டதை மூத்தவர் எந்தக் கேள்வியால் பிடித்தார் என்பதைக் கீழிருப்போரும் காண்கின்றனர்.

அம்முதியவர் சொன்ன மற்றொரு செய்தியும் நம் பொருளுக்கு உரியது. எந்நேரம் போய்ப் பார்த்தாலும் ராஸீ எழுதிக் கொண்டேயிருப்பாராம். கரட்டுப்படி எழுதுவார், அல்லது செம்மைப்படி எடுப்பார். ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் மிக இரக்கம் கொண்டு அவர்களுக்குப் பொருளுதவியும் செய்தாராம். வாழ்வின் இறுதியில் பார்வையிழந்தார். அவருடைய மாணவர்களும் அப்பழக்கத்தைக் கற்றுக் கொண்டனர். அவரிடம் வந்த நோயாளிகளைப் பற்றி ஏறத்தாழ 900 குறிப்புகளை அவர்கள் தொகுத்தனர். ‘கிதாபுத் தஜாரிப்’ என்று அறியப்படும் அத்தொகுப்பிலும் தலைமுதல் கால்வரை என்ற அதே வரிசைதான். ஹாவீயிலுள்ள வரலாறுகளைப் போல அவை விரிவானவை அல்ல. வந்தவர் யார், முறையீடு என்ன, கொடுத்தது என்ன என்ற அளவில் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

இங்கே ஒரு கதையை ஒதுக்கி வைத்துவிட்டுச் செல்வது நல்லது. பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்க, ராஸீ நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, மிகத் தாமதமாகக் கெட்டுப்போன இடத்தைத் தேர்ந்தார் என்பது அது. கைப்பேசியில் அடிக்கடி பகிரப்படுவதும், அளுதுத் தவ்லாவின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவதும் இதுவே. அளுதீ மருத்துவமனை திறக்கப்பட்டது ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982), அப்போது ராஸீ மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. இச்செய்தியை எடுத்தெழுதிய இப்னு அபீ உஸைபிஆவே, ராஸீ அளுதுத் தவ்லாவுக்கு முந்தியவர் என்று சுட்டிக்காட்டியுள்ளார். கதையைப் பகிர்வோர் அவருடைய அந்த வரியை மட்டும் விட்டுவிடுகின்றனர்.

அளுதீ மருத்துவமனை திறக்கப்பட்டபோது அங்கே 24 மருத்துவர்கள் நியமிக்கப்பட்டனர் என்று பதிவாகியுள்ளது. அளுதுத் தவ்லாவுக்குத் தம் நூலைக் காணிக்கையாக்கிய அலீ இப்னு அப்பாஸ் மஜூஸீ என்னும் மருத்துவர், மாணவன் மருத்துவமனையை விட்டு நீங்காமல் நோயாளிகளின் நிலையை விசாரித்து, படித்ததோடு அதை ஒப்பிட்டு வர வேண்டும் என்று வலியுறுத்தினார். ஹாவீயைக் குறைகூறியவரும் அவரே. அதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் மாணவனுக்கேற்ற ஒழுங்கு இல்லை. அளவு பெரிதென்பதால் மிகச் சிலரே வைத்திருக்க முடிகிறது என்றார். நியாயமான குறைதான். தனக்காக எழுதப்பட்ட குறிப்பேடு பிறருக்குப் பாடநூலாவது கடினம்.

மருத்துவமனையில் பயின்றவர்கள் ஒருபுறமிருக்க, வெளியே தொழில் செய்தோர் எத்தகையவர்கள்? ராஸீ மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931), பக்தாதில் ஒருவர் மருத்துவரின் தவறால் இறந்தார். கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதி எழுதித் தராத எவரும் மருத்துவம் செய்யக்கூடாது என்று ஆணையிட்டார். சந்தைகளையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிபிடம் அதை நிறைவேற்றும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பை ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதியிருக்கிறோம். அது தீங்கு நிகழ்ந்த பிறகுள்ள சட்டம். இந்த ஆணையோ நிகழுமுன் தடுக்க முயன்றது. பக்தாதின் இரு கரைகளிலும் சோதனைக்கு வந்தவர்கள் 860க்கும் மேற்பட்டோர். புகழால் விலக்கு பெற்றவர்களும் அரசுப் பணியிலிருந்தவர்களும் இக்கணக்கில் சேரவில்லை.

அச்சோதனையின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றும் பதிவாகியுள்ளது. நல்ல உடையணிந்த முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். ஸினான் மரியாதையோடு அமரச் செய்து, அவருடைய ஆசிரியர் யார் என்று வினவினார். முதியவர் பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பமிருக்கிறது, பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக் கொண்டார். ஸினான் சிரித்தார். தெரியாத நோயைத் தொடக்கூடாது, சாதாரண நோய்க்கன்றி இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றாய் என்று கேட்டதற்கு, நேற்று வந்த முதியவரே தம் தந்தை, அவரிடமே கற்றேன் என்றார். அவருக்கும் அதே நிபந்தனைதான். ஸினானின் இரக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், எது ‘சாதாரண நோய்’ என்று தீர்மானிக்கும் பொறுப்பு அது தெரியாதவரிடமே விடப்பட்டுவிட்டது. இப்னு ஸவாதாவின் காய்ச்சல் முதல் வாரத்தில் சாதாரணமாகவே தோன்றியிருக்கும்.

படுக்கையருகே நிகழ்ந்த பயிற்சியை மிகத் தெளிவாகக் காண, இரண்டு நூற்றாண்டுகள் கடந்து ஷாமுக்குச் செல்ல வேண்டும். நூருத்தீன் ஸங்கீ (ரஹ்) திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் நகரைக் கைப்பற்றிய ஹிஜ்ரி 549ஐ (கி.பி. 1154) அடுத்து அங்கு மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் பொறுப்பிலிருந்த அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகமின் அன்றாட ஒழுங்கு நமக்குக் கிடைக்கிறது. காலையில் மேற்பார்வையாளர்களும் பணியாளர்களும் உடன்வர ஒவ்வொரு நோயாளியையும் சென்று பார்ப்பார். அவர் எழுதும் மருந்தும் உணவும் தாமதமின்றி நிறைவேற்றப்படும். பின்னர் கோட்டைக்குச் சென்று அங்குள்ள நோயாளிகளைக் கவனித்துத் திரும்புவார். விரிப்பு விரித்த பெரிய கூடத்தில் அமர்ந்து நூல்களை வரவழைப்பார். மருத்துவ நூல்கள் பலவற்றை நூருத்தீன் அம்மருத்துவமனைக்கு வக்ஃப் செய்திருந்தார். அவை அக்கூடத்தின் முகப்பிலிருந்த இரண்டு அலமாரிகளில் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் அவர்முன் அமர்ந்து விவாதிப்பர், வாசிப்பர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் இது நீளும்.

காலையில் கண்ட நோயாளியைப் பற்றி, சில அடி தூரத்திலுள்ள நூலை அன்றைக்கே எடுத்துப் பார்க்க முடிந்தது. ராஸீ தம் குறிப்பேட்டில் அருகருகே வைத்த இரண்டும், அதாவது நூலில் சொன்னதும் கண்ணால் கண்டதும், இங்கே ஒரே கட்டடத்தின் இரண்டு இடங்களாயின.

அம்மருத்துவமனையில் பின்னாளில் பயின்ற மாணவர்களில் ஒருவரே, நாம் இதுவரை மேற்கோள் காட்டிய இப்னு அபீ உஸைபிஆ. அவருடைய ஆசிரியர் முஹத்தபுத்தீன் அத்தக்வார். அங்கே பணியாற்றிய இம்ரான் என்னும் யூத மருத்துவரும் அத்தக்வாரும் கூடிக் கலந்தாலோசிப்பதை அருகிலிருந்து கேட்டதை மாணவர் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

ஒருநாள் காய்ச்சல் நோயாளிகளின் கூடத்தில் ஒருவரைச் சுற்றி மருத்துவர்கள் நின்றனர். நாடி பிடித்துப் பார்த்து, பலவீனம் மிகுந்துள்ளது, வலுவூட்டக் கோழிக்குஞ்சு இரசம் கொடுக்க வேண்டும் என்றனர். அத்தக்வார் நோயாளியின் பேச்சையும் கண்களையும் கவனித்தார். வலக்கை நாடியைப் பார்த்தார். பிறகு இடக்கையையும் பார்த்தார். இடக்கையைப் பிடித்துப் பாருங்கள் என்றார். நாடி வலுவாக இருந்தது. வலக்கையில் மணிக்கட்டுக்கு அருகே துடிக்கும் இரத்தக் குழாய் இரண்டாகப் பிரிவதைக் காட்டினார். ஒரு கிளை வழக்கமாக விரல் வைக்கும் இடத்தில் இருந்தது. மற்றொன்று மேலேறி விரல்களை நோக்கிச் சென்றது. துடிப்பு இரண்டாகப் பங்கிடப்பட்டதால் ஒன்று மெலிந்து தோன்றியது. மனிதர்களில் அரிதாகச் சிலருக்கு இவ்வமைப்பு உண்டு, பல மருத்துவர்கள் இதனால் ஏமாறுகின்றனர் என்றார். மாணவர்கள் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டனர். இதன் பயன் அந்த ஒரு நோயாளியோடு முடிவதன்று. இரு கைகளையும் பார்க்க வேண்டும், நாடி சொல்வது முகம் சொல்வதோடு ஒத்துப்போகாவிட்டால் நாடியையே சந்தேகிக்க வேண்டும் என்பது அன்று அங்கே நின்றவர்களின் விரல்களில் பதிந்துவிட்டது.

ஹிஜ்ரி 622இல் (கி.பி. 1225) அத்தக்வார் தம் வீட்டையே மருத்துவ மதரஸாவாக வக்ஃப் செய்தார். அதன் செலவுக்கும் ஆசிரியர், மாணவர் ஊதியத்துக்கும் நிலங்களை ஒதுக்கினார். பிற்காலத்தில் நோயின் காரணமாக அவருடைய நாவு கனத்துப் பேச்சுத் தடுமாறியது. ஆயினும் மாணவர்கள் அவர்முன் அமர்ந்து வாசிப்பதை நிறுத்தவில்லை. கடினமான இடம் வரும்போது மிகச் சுருக்கமாக விடை சொல்வார். அதுவும் இயலாத வேளைகளில் பலகை ஒன்றை எடுத்து அதில் எழுதிக் காட்டுவார். மாணவர்கள் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு மேலே வாசிப்பார்கள்.